புள்ளி மறைந்த பக்கம்

அச்சிட்ட தமிழ்ப் பக்கம் ஒன்றை வேறொரு மொழியில் பெயர்ப்பதற்கு முன் அதைக் கணினி எழுத்தாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் இன்று பரவலாகிவிட்டது. பக்கத்தை ஸ்கேன் செய்து கிடைக்கும் படத்திலுள்ள வடிவங்களை எழுத்துகளாக அடையாளம் கண்டு தட்டச்சிட்டதுபோல் தரும் மென்பொருளுக்கு எழுத்துணரி என்று பெயர்; ஓசிஆர் என்று பலரும் சொல்வதும் இதையே. எழுத்துணரி தரும் பிழைகளில் வாசிக்கவே முடியாதவாறு சிதைந்த சொற்களால் பெரிய கேடில்லை, ஏனெனில் அவை கண்ணில் உடனே படுகின்றன. தமிழ்ச்சொல்லாகவே நிற்கும் பிழையும், அரைகுறையாகத் திருத்தப்பட்டுத் தமிழ்ச்சொல்லாகிவிடும் பிழையுமே மொழிபெயர்ப்பாளரை வழிதவறச் செய்பவை.

இவ்வகைப் பிழைகளுள் தமிழில் மிகுதியாக நேர்வது ‘ர்’ என்னும் எழுத்து ‘ா’ என்னும் துணைக்காலாக மாறிவிடுவதாகும். இதன் காரணம் அச்செழுத்தின் வடிவிலேயே இருக்கிறது. ‘ர’ என்ற எழுத்தின் அடியில் சாய்ந்த கால் ஒன்று உண்டு. ஆனால் பல அச்செழுத்து வகைகளில் ‘ர்’ என்று மெய்யாக வரும்போது அந்தச் சாய்ந்த கால் நீக்கப்பட்டு, துணைக்காலின் மேல் ஒரு புள்ளி வைத்த வடிவமே வார்க்கப்பட்டது. ஆகவே அவ்வெழுத்து வகைகளில் ‘ர்’ வேறு, ‘ா’ வேறு என்று காட்டுவது அந்தப் புள்ளி ஒன்றே. ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அளவில், அதாவது 300 டிபிஐயில், ஸ்கேன் செய்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 12 பிக்சல்களே கிடைக்கின்றன. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு புள்ளிக்கு ஐந்து பிக்சல் அகலம் தேறினாலே அதிகம். மை மங்கிய பழைய பக்கத்தில் அதுவும் கரைந்துபோகும். போதாக்குறைக்குத் தாளின் அழுக்குகளை நீக்குவதற்காக ஸ்கேனர் மென்பொருள்களில் உள்ள துப்புரவு வசதி, சிறு கறைகளோடு மெய்ப்புள்ளிகளையும் துடைத்தெறிந்துவிடுகிறது. தமிழ்ப் பக்கத்துக்கு அந்த வசதியை அணைத்துவைப்பதும், 400 அல்லது 600 டிபிஐயில், கறுப்பு வெள்ளையாக அன்றிச் சாம்பல் நிறச்சாயல்கள் கொண்ட படமாக ஸ்கேன் செய்வதும் பாதிப் பிழைதிருத்தத்தை முன்கூட்டியே செய்துவிடுவதற்கு ஒப்பாகும்.

கட்டற்ற மென்பொருளான டெசராக்டைக் கொண்டு, ஒரே பத்தியமைப்புள்ள பக்கத்தைத் தமிழ் எழுத்தாக மாற்றும் கட்டளை இது:

```
tesseract page45.png page45 -l tam --psm 6
```

இதில் `tam` என்பது தமிழைக் குறிக்கிறது. `--psm 6` என்பது பக்கம் முழுவதையும் ஒரே எழுத்துத் தொகுதியாகக் கொள்ளும்படி சொல்கிறது. வார இதழ்களைப்போல் இரண்டு பத்திகள் அருகருகே உள்ள பக்கத்துக்கு இந்த எண்ணைக் கொடுத்தால், இடப்பத்தியின் வரி முடிந்ததும் வலப்பத்தியின் வரி ஒட்டிக்கொள்ளும் என்பதால், அத்தகைய பக்கத்தைப் பத்தி பத்தியாக வெட்டிக் கொடுப்பதே நல்லது.

அச்சில் ‘ஊரார் அனைவரும் சேர்ந்து தேர் இழுத்தனர்’ என்று ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்ளலாம். புள்ளிகள் மங்கிய பக்கத்திலிருந்து இது ‘ஊராா அனைவரும் சோந்து தோ இழுத்தனா’ என்று வெளிவரும். ‘சே’ என்பதை அடுத்த ‘ர்’ துணைக்காலாகப் படிக்கப்பட்டவுடன், முன்னிருந்த இரட்டைக்கொம்பும் இத்துணைக்காலும் கூடி ‘சோ’ ஆகிவிடுகின்றன. ‘தேர்’ என்பது ‘தோ’ ஆவதும் இவ்வாறே. ஊராா, தோ, இழுத்தனா ஆகிய மூன்றையும் யாரும் எளிதில் சரிசெய்துவிடுவர். ஆனால் ‘சோந்து’ என்பதைப் பார்க்கும் திருத்துநர், மூலப் படத்தைப் பாராமல், இடையில் ஒரு ‘ர்’ விடுபட்டது என்று கருதிச் ‘சோர்ந்து’ என்று எழுதிவிடக்கூடும். அதன்பின் அந்த வாக்கியத்தில் இலக்கணக் குறையும் இல்லை, பொருட்குறையும் இல்லை. தேர் இழுத்தவர்கள் சோர்வது இயல்புதானே! எழுத்துப்பிழை திருத்தி ஒன்றும் அதைச் சுட்டாது. ஒன்றுகூடி இழுத்த ஊர், மொழிபெயர்ப்பில் களைத்துப்போய் இழுத்த ஊராகிவிடும்.

ஆகவே திருத்தத்தைச் சொல் சொல்லாக நினைவிலிருந்து செய்யாமல், ஐயத்துக்குரிய வடிவங்களைத் தேடியெடுத்து ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிடுவதே உரிய முறை. தமிழில் துணைக்காலில் முடியும் சொற்கள் குறைவு: விழா, நிலா, அம்மா போன்ற பெயர்களும், ‘வந்தானா’ போன்ற வினாக்களும், இன்னும் சிலவும் மட்டுமே. அத்தகைய சொற்களை வரி எண்ணோடு பட்டியலிடப் பின்வரும் கட்டளை உதவும்:

```
grep -noP '\S*[ாொோ](?=[\s.,;!?]|$)' page45.txt
```

சொல்லின் நடுவில் ஒளிந்துள்ள பிழைக்கு `ோந்` என்று தேடினால் போதும். கோந்து, ரோந்து, பழைய நடையில் வரும் போந்து போன்ற சில சொற்களைத் தவிர மற்றவை பெரும்பாலும் ‘ேர்ந்’ என்பதன் சிதைவுகளாகவே இருக்கும். ‘அவாகள்’, ‘மாணவாகள்’ போன்றவற்றுக்கு இன்னும் உறுதியான சான்று உண்டு. நெட்டுயிரான ஆகாரத்தை அடுத்துப் பன்மை விகுதி சேர்ந்தால் ‘புறாக்கள்’ என்று வல்லினம் மிகும் என்பதால், ‘ாகள்’ என்று ஒற்றின்றி வருவது ‘ர்கள்’ என்பதன் பிழை என்று ஏறத்தாழ ஐயமின்றிக் கொள்ளலாம்.

புணர்ச்சி இலக்கணம் இங்கே பிழை காட்டும் கருவியாகிறது என்பது தனித்துக் குறிப்பிடத்தக்கது. எழுத்துணரிகள் ‘சு’ என்பதையும் ‘க’ என்பதையும் அடிக்கடி மாற்றிப் படிக்கின்றன. ‘வீட்டைச் சுட்டினான்’ என்பது ‘வீட்டைச் கட்டினான்’ என்று வெளிவந்தால், கட்டினான் என்பது பொருளுள்ள சொல்லாகவே இருந்தபோதிலும், முன்னுள்ள ‘ச்’ அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது, ஏனெனில் ககரத்துக்கு முன் ‘க்’ அன்றிச் ‘ச்’ மிகாது. எனவே சொல்லிறுதியில் ‘ச்’ நின்று அடுத்த சொல் ககரத்தில் தொடங்கும் இடங்களையும், ‘க்’ நின்று அடுத்த சொல் சகரத்தில் தொடங்கும் இடங்களையும் தேடிப் பார்ப்பது நற்பயன் தரும். ஒற்று மிகாத இடங்களில் இந்தத் துணை கிடைக்காது. அங்கே படம் ஒன்றே சான்று.

கண்ணுக்குத் தெரியாத பிழையும் ஒன்று உண்டு. ‘கௌரவம்’ என்பதில் உள்ள ‘ௌ’ கணினிக்கு ஒரே குறி. ஆனால் எழுத்துணரி அதை ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகப் பிரித்துக் ‘கெளரவம்’ என்று எழுதினாலும் திரையில் ஏறத்தாழ அதே தோற்றமே கிடைக்கும். அகராதியில் தேடினால் அச்சொல் அகப்படாது. இயந்திர மொழிபெயர்ப்பும் அதை அறியாத சொல்லாகக் கொண்டு தடுமாறக்கூடும். ‘ெள’ அனைத்தையும் ‘ௌ’ என்று ஒரே ஆணையில் மாற்றிவிடலாம் என்று எண்ணுவது பேராபத்து, ஏனெனில் ‘தெளிவு’, ‘வெள்ளை’ ஆகியவையும் உருக்குலைந்துபோகும். அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வராத இடங்களில் மட்டும் மாற்றுவது ஓரளவு பாதுகாப்பானது. எனினும் பேச்சுமொழி உரையாடல்களில் ‘வெளக்கு’, ‘வெளயாட்டு’ என்று வருவதால், கதைகளில் அதையும் ஒவ்வொன்றாகவே ஏற்க வேண்டும்.

எழுத்துகள் திருந்தியபின் வரிகளை இணைக்க வேண்டும். பழைய தமிழ் அச்சில் வரி முடிவில் இடமில்லாவிட்டால் இணைப்புக்கோடு எதுவுமின்றிச் சொல்லை முறித்து அடுத்த வரியில் தொடர்வது வழக்கம். ஆதலால் ‘சேர்ந்’ ஒரு வரியிலும் ‘து’ மறுவரியிலும் நிற்கும். முழுச்சொல்லோடு முடியும் வரிக்கும் இதற்கும் கணினிக்கு வேறுபாடு தெரியாது. பக்க எண்ணும் தலைப்புவரியும் வாக்கியத்தின் நடுவே புகுந்திருக்கும். இவற்றைக் களைந்து, வாக்கியங்களை முழுமையாக்கிய பின்னரே பிரதி மொழிபெயர்ப்புக்கு ஏற்றதாகும். ஆசிரியர் கையாண்ட பழைய எழுத்துக்கூட்டலை இன்றைய வழக்குக்கு மாற்றுவது இந்த வேலையில் சேராது. அது அவருடைய நடை, பிழையன்று.

தமிழ் விக்கிமூலத்தில் எழுத்துணரி தந்த பக்கம் ஒவ்வொன்றும், மெய்ப்புப் பார்க்கப்படாதவரை சிவப்பாகவும், ஒருவர் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியபின் மஞ்சளாகவும், இரண்டாமவர் சரிபார்த்தபின் பச்சையாகவும் குறிக்கப்படுகிறது. படமும் எழுத்தும் ஒரே திரையில் அருகருகே நிற்கின்றன. தனியாக உழைக்கும் மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டாமவர் கிடைப்பது அரிது. அவர் எழுத்துணரி தந்த முதல் கோப்பைத் திருத்தாமல் தனியே வைத்துக்கொண்டு அதன் படியில் திருத்துவதும், ஐயமான சொற்களைக் குறியிட்டுச் சில நாள் கழித்துப் படத்தோடு மீண்டும் பார்ப்பதும் வேண்டும். பக்கப் படத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் அழித்துவிடக் கூடாது.

(தொடரும்)