பழைய ஃபேனும் கீசரும்: சுவரை உடைக்காமல் ஒரு ஸ்மார்ட் ஸ்விட்ச்

தொண்ணூறுகளில் கட்டிய அடுக்குமாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹாலில் ரெகுலேட்டரோடு ஒரு சீலிங் ஃபேன், பாத்ரூமில் 15 லிட்டர் கீசர். இரண்டையும் கைப்பேசியிலிருந்து இயக்க வேண்டும். புது ஒயர் இழுக்கக் கூடாது. தீப்பெட்டி அளவுள்ள ரிலே மாட்யூலை போர்டுக்குள், பழைய ஸ்விட்சுக்குப் பின்னால் வைத்தால் இது பெரும்பாலும் நடக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது நியூட்ரல். சாதாரண ஸ்விட்ச், ஃபேனுக்குப் போகும் பேஸ் ஒயரை வெட்டிச் சேர்ப்பதோடு சரி. மாட்யூலோ, ஃபேன் ஓடாதபோதும் வைஃபையோடு தொடர்பில் இருக்க வேண்டும்; அதற்கு பேஸ், நியூட்ரல் இரண்டும் தேவை. நம் ஊர் போர்டுகளில் ஸ்விட்சுகளோடு ஒரு பிளக் பாயின்ட்டும் இருப்பது வழக்கம் என்பதால், அதற்கு வந்த நியூட்ரலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பிளக் பாயின்ட் இல்லாத போர்டில் சிலர் எர்த்தையே நியூட்ரலாக இணைத்துவிடுகிறார்கள். மாட்யூல் ஓடவும் செய்யும். ஆனால் எர்த் ஒயர் எங்காவது அறுந்தால், அதே எர்த்தில் இணைந்த ஃபிரிட்ஜின் உடலைத் தொட்டாலும் ஷாக் அடிக்கலாம். எக்காரணம் கொண்டும் இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

ஃபேன் வேலை எளிது. மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே போர்டைக் கழற்ற வேண்டும். உள்ளே வரும் பேஸ் மாட்யூலுக்கு, மாட்யூலிலிருந்து ரெகுலேட்டருக்கு, அங்கிருந்து ஃபேனுக்கு. பழைய ஸ்விட்சின் இரண்டு முனைகளும் மாட்யூலில் ஸ்விட்சுக்கென்று இருக்கும் முனைகளுக்குப் போகும். இதன்பின் ஃபேனின் கரண்ட் அந்த ஸ்விட்ச் வழியே பாயாது; அது மாட்யூலுக்குச் சைகை மட்டும் கொடுக்கும். வீட்டுப் பெரியவர்கள் எப்போதும்போல் தட்டிப் போடலாம், வைஃபை போனாலும் வேலை செய்யும். கவனிக்க வேண்டியது ஒன்று: சில மாட்யூல்களில் அந்த முனைகளுக்கு பேஸ் வரவே கூடாது, வந்தால் புகைந்துவிடும். கூட வரும் படத்தைப் பார்க்காமல் இணைக்க வேண்டாம்.

வேகத்தையும் கைப்பேசியில் மாற்ற ஆசைப்பட்டால், ஃபேனுக்கென்றே செய்த மாட்யூல் வாங்கி, பழைய ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். விளக்குக்கான டிம்மரை ஃபேனில் மாட்டினால் மோட்டார் முனகும், சூடாகும். என்னைக் கேட்டால், ரெகுலேட்டர் சுவரிலேயே இருக்கட்டும். ஆன்-ஆஃப் மட்டும் கைப்பேசிக்குப் போதும்.

கீசர் விஷயம் வேறு. ஃபேன் இழுப்பது 75 வாட் அளவில். அரை ஆம்பியர்கூட இல்லை. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும்; வோல்டேஜ் 250-ஐத் தொட்டால் ஒன்பதரையை எட்டும். 10 ஆம்பியர் மாட்யூல் தாங்கும் என்று கணக்கு சொன்னாலும், காற்றோட்டமில்லாத போர்டுக்குள் எல்லையை ஒட்டி ஓடுகிற ரிலேயின் முனைகள் நாளடைவில் கருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கைப்பேசி 'ஆஃப்' என்று காட்டும், கீசரின் சிவப்பு விளக்கோ எரிந்துகொண்டே இருக்கும். அதைக் கண்டால் உடனே பழைய பெரிய ஸ்விட்சை அணையுங்கள். மாட்யூலை மாற்றியே ஆக வேண்டும்.

எனவே கீசருக்கு 16 ஆம்பியர் மாட்யூல்தான் வாங்க வேண்டும். 13 ஆம்பியர் இழுக்கும் 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் என்றால் அதுவும் நெருக்கம்; 25 ஆம்பியர் கான்டாக்டர் ஒன்றை வைத்து, மாட்யூல் அதை மட்டும் இயக்கும்படி செய்வது நல்லது. பாத்ரூமுக்கு வெளியே உள்ள டிபி ஸ்விட்ச், பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிப்பது. அதை எடுக்காமல் அதற்குப் பின்னால் மாட்யூலைச் சேர்க்க வேண்டும். குளிக்கப் போகுமுன் டிபி-யை அணைக்கும் பழக்கமும் தொடரட்டும். முதல் நாள், கீசர் இருபது நிமிடம் ஓடியதும் ஸ்விட்ச் பிளேட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டாலோ, பிளாஸ்டிக் வாடை வந்தாலோ ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது.

27 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட் கீசருக்குச் சுமார் 17 நிமிடம் ஆகும். அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். காலை 5:40-க்கு ஆன், 6 மணிக்கு ஆஃப் என்று வைத்தால் போதும். கரண்ட் போய் வந்தபின் மாட்யூல் எந்த நிலையில் எழ வேண்டும் என்று ஆப்பில் ஒரு அமைப்பு இருக்கும். கீசருக்கு அது கட்டாயம் 'ஆஃப்' ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆளில்லாத வீட்டில் கரண்ட் வந்ததும் கீசர் தானே ஓட ஆரம்பிக்கலாம்.

போர்டைத் திறந்ததும் அலுமினிய ஒயரோ, வளைத்தால் விரிசல் விடும் உறையோ தென்பட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த வீட்டில் முதலில் மாற வேண்டியது ஒயரிங்தான்; லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கீசர் லைனிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.