முதல் தடவை மட்டும் ஏன் திக்குகிறது?

புதிதாக இறக்கிய ஒரு ஆப். பட்டியலில் ஒரு பொருளைத் தொட்டால், அதன் விவரங்கள் கொண்ட பலகை திரையின் அடியிலிருந்து எழும்பி வர வேண்டும். முதல் தடவை அது பாதி வழியில் ஒரு கணம் நின்றுவிட்டு, சட்டென்று மேலே தாவுகிறது. மூடிவிட்டு மறுபடி தொட்டால் அலுங்காமல் வருகிறது. போன் பழசு, நெட் மந்தம் என்று பலரும் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். போன் பழசு என்றால் இரண்டாவது தடவையும் திக்கியிருக்க வேண்டுமே!

சாதாரண போன் திரை ஒரு நொடியில் 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. அதாவது, ஒவ்வொரு படத்தையும் வரைந்து முடிக்க ஏறக்குறைய 16 மில்லிசெகண்ட்தான் அவகாசம். வரைகிற வேலை ஜிபியு எனப்படும் கிராஃபிக்ஸ் சிப்புடையது. எந்தப் புள்ளிக்கு என்ன நிறம் என்று அதற்குச் சொல்லித்தரும் சிறு நிரலுக்குத்தான் ஷேடர் என்று பெயர். தட்டையான நிறம் பூச ஒன்று, ஒரு நிறம் இன்னொன்றில் கரைவதற்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று வேலைக்கு வேலை ஷேடர் மாறும்.

அந்த நிரலை ஜிபியு அப்படியே ஓட்டிவிடாது. தன் சொந்த இயந்திர மொழிக்கு மாற்றித் தந்தால்தான் ஓட்டும். இந்த மாற்றத்தைத்தான் கம்பைல் செய்வது என்கிறோம். ஆப்பை எழுதியவர்களே இதை முடித்து அனுப்பக் கூடாதா? கூடாதென்று இல்லை, முடியாது. ஒரு போனில் அட்ரினோ சிப், இன்னொன்றில் மாலி, வேறொன்றில் பவர்விஆர். ஒரே குடும்பத்திலும் தலைமுறைக்குத் தலைமுறை இயந்திர மொழி மாறும். சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால், பழைய கம்பைல் செல்லாமல் போகலாம். அதனால் கடைசிக் கட்ட கம்பைல் உங்கள் போனிலேயே, அந்த டிரைவரின் கையால் நடக்கிறது. எல்லாருக்கும் ஒரே சிப் உள்ள கேம் கன்சோல்களில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லாததற்கு இதுவே காரணம்.

போனிலேயே நடப்பதால் மட்டும் திக்கல் வந்துவிடாது. எப்போது நடக்கிறது என்பதுதான் விஷயம். கூகுளின் ஃப்ளட்டர் கருவியில் எழுதிய ஆப்களை எடுத்துக்கொள்ளலாம். இந்த நோயும் மருந்தும் அங்கே தெளிவாகத் தெரியும். பல ஆண்டுகள் ஃப்ளட்டர் திரையை வரைந்தது ஸ்கியா என்ற எஞ்சின் வழியாக. ஸ்கியாவிடம் எழுதிவைத்த ஷேடர் பட்டியல் கிடையாது. ஆப் கேட்கும் சேர்க்கையைப் பார்த்து, அந்த நேரத்தில்தான் அதற்கேற்ற ஷேடரை உருவாக்கும்.

நம் பலகைக்கே வருவோம். முனைகள் வளைந்திருக்கின்றன, மேலே மெல்லிய நிழல், பின்னணி மங்கலாகிறது. இவை மூன்றுக்கும் மூன்று புது ஷேடர்கள் தேவை, ஒவ்வொன்றையும் கம்பைல் செய்ய 40 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120. அந்த நேரத்துக்குள் திரையில் ஏழு படங்கள் மாறியிருக்க வேண்டும். ஒன்றும் மாறவில்லை, ஆனால் அசைவின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கம்பைல் முடிந்ததும் எட்டாவது படம் இருக்க வேண்டிய இடத்தில் பலகை வந்து நிற்கிறது. நின்றதும் தாவியதும் இதனால்தான். பந்தியில் ஆள் உட்கார்ந்த பிறகு அடுப்பு மூட்டுவது போன்ற வேலை இது.

கம்பைல் ஆனது நினைவகத்தில் தங்கிவிடுவதால் இரண்டாவது தடவை தடங்கல் இல்லை. ஆண்ட்ராய்டில் அதைச் சேமிப்பகத்திலும் எழுதி வைக்க முடியும் என்பதால், ஆப்பை மூடித் திறந்தாலும் பெரும்பாலும் மறுபடி திக்காது. ஆப்பின் சேமிப்பைத் துடைத்தாலோ, ஆப்போ டிரைவரோ புதுப்பிக்கப்பட்டாலோ திக்கல் திரும்பி வரலாம். கண்டுபிடிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் திக்கினால் குற்றவாளி ஷேடர் அல்ல. முதல் முறை மட்டும் திக்கி, சேமிப்பைத் துடைத்ததும் மறுபடி திக்கினால் சந்தேகம் வலுக்கிறது. ஆப் எழுதுபவர்களுக்கு இன்னும் உறுதியான சான்று உண்டு. ஃப்ளட்டரின் சோதனைக் கருவியில், ஷேடர் கம்பைல் நடந்த படங்கள் கருஞ்சிவப்புப் பட்டைகளாகத் தனித்துத் தெரியும்.

மருந்து, வார்ம்-அப். பயனர் பார்க்காத நேரத்தில், ஆப் திறக்கும்போதே, வேண்டிய ஷேடர்களை முன்கூட்டிக் கம்பைல் செய்துவிடுவது. சொல்ல எளிது. ஆனால் எந்தெந்த ஷேடர் தேவைப்படும் என்பது ஸ்கியாவுக்கே முன்பே தெரியாதே! 2020-ல் வந்த ஃப்ளட்டர் 1.20 இதற்கு நேரடியான வழி ஒன்றைத் தந்தது: ஒருவர் ஆப்பை ஓட்டிப் பார்த்துப் பட்டியல் எடுப்பது. அப்போது உண்மையான போனைக் கணினியில் இணைத்து இப்படித் தொடங்குவார்கள்:

```
flutter run --profile --cache-sksl
```

பிறகு ஆப்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் போய், ஒவ்வொரு அசைவையும் ஒரு முறையாவது நிகழ்த்த வேண்டியிருந்தது. பலகையை எழுப்பி, மெனுவை இழுத்து, பட்டியலின் கடைசிவரை உருட்டிய பின் `M` என்ற விசையை அழுத்தினால், அதுவரை பிறந்த ஷேடர்கள் எல்லாம் ஒரு கோப்பில் சேரும். அந்தக் கோப்பை ஆப்போடு கட்டி அனுப்பிய கட்டளை:

```
flutter build apk --bundle-sksl-path flutter_01.sksl.json
```

கோப்பில் இருப்பது கம்பைல் ஆன சரக்கு அல்ல, மூல நிரல்தான். பயனரின் போன் அதைத் தொடக்கத்திலேயே தன் சிப்புக்கேற்ப மாற்றிக்கொள்ளும். மோட்டோ ஜி4 போனில் ஃப்ளட்டரின் மாதிரி ஆப்பை ஓட்டி அளந்தபோது, மிக மோசமான படத்துக்கு ஆன நேரம் ஏறக்குறைய 90 மில்லிசெகண்டிலிருந்து 40-க்கு இறங்கியது. நல்ல முன்னேற்றம். ஆனாலும் 40 என்பது 16 அல்ல.

இந்த மருந்தின் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். வேலை குறைவதில்லை, நேரம்தான் இடம் மாறுகிறது. பட்டியல் நீளமானால் ஆப் திறக்கவே தாமதமாகும். பட்டியல் எடுத்தவர் ஒரு பக்கத்தைத் தவறவிட்டால் அங்கே திக்கல் அப்படியே இருக்கும். ஒரு போனில் எடுத்த பட்டியல் வேறு சிப் உள்ள போனுக்குப் பொருந்தும் என்ற உறுதியும் இல்லை. ஃப்ளட்டரைப் புதுப்பித்தால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஓர் ஆள் உட்கார்ந்து எல்லா மூலைகளையும் தொட்டுப் பார்ப்பது நீடித்து நிற்கிற வழி இல்லை என்பதே என் எண்ணம்.

ஃப்ளட்டர் குழுவும் கடைசியில் எஞ்சினையே மாற்றியது. இம்பெல்லர் என்ற புதிய எஞ்சின், ஆப் கேட்பதற்கேற்ப ஷேடர் உருவாக்குவதில்லை. எளிமையான, எண்ணிக்கையில் குறைந்த ஷேடர்கள் முன்பே எழுதப்பட்டு, எஞ்சினைக் கட்டும்போதே முடிந்தவரை கம்பைல் ஆகிவிடுகின்றன. போனின் சிப்புக்கான கடைசி மாற்றம் மட்டும் இப்போதும் போனில்தான். ஆனால் முழுப் பட்டியலும் கையில் இருப்பதால், பயனரின் விரல் திரையைத் தொடும் வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஐபோன்களில் 2023-ல் வந்த 3.10 பதிப்பிலிருந்தும், வல்கன் வசதியுள்ள ஆண்ட்ராய்டு போன்களில் 2024 இறுதியில் வந்த 3.27 பதிப்பிலிருந்தும் இதுவே இயல்பான எஞ்சின்.

கணினி விளையாட்டுகளுக்கு இந்த வசதி அமைவது கடினம். அங்கே ஒவ்வொரு விளையாட்டும் தனக்கென்று ஆயிரக்கணக்கான ஷேடர்களைக் கொண்டுவருகிறது. அதனால்தான் சில விளையாட்டுகள் முதல் முறை திறக்கும்போது, ஷேடர்கள் கம்பைல் ஆகின்றன என்ற அறிவிப்போடு சில நிமிடங்கள் உங்களை உட்கார வைக்கின்றன. அந்தத் திரையைப் பார்த்து எரிச்சல்பட்டு அதைத் தவிர்த்துவிடாதீர்கள். தவிர்த்தால், அதே வேலை சண்டைக்காட்சியின் நடுவே துண்டு துண்டாக நடக்கும்.