இன்று 260, நாளை 345: டெல்டா நியூட்ரல் கணக்கு

"பங்கு ஏறினாலும் கவலையில்லை, இறங்கினாலும் கவலையில்லை. டெல்டாவைச் சுழியாக்கிவிட்டால் மாதாமாதம் பிரீமியம் நமக்குத்தான்." ஆப்ஷன் கற்றுத்தரும் வகுப்புகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதால் பணத்தை இழப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, அதை முழுக்கப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

ஒரு பங்கு இன்று 1,000 ரூபாயில் இருக்கிறது. இன்னும் 30 நாளில் எக்ஸ்பயரி ஆகும் கால் ஆப்ஷன் ஒன்றை நீங்கள் விற்கிறீர்கள். அதை வாங்கியவர், அந்தத் தேதியில் 1,000 ரூபாய் கொடுத்து உங்களிடம் பங்கைக் கேட்டு வாங்கலாம். பங்கின் விலை ஆண்டுக்கு 30 சதவீத அளவில் ஏறி இறங்கும் என்று சந்தை நினைத்தால், வட்டியைக் கணக்கில் சேர்க்காமல் பார்க்கையில், இந்த உரிமையின் விலை சுமார் 34 ரூபாய். ஒரு லாட்டுக்கு 500 பங்குகள் என்று வைத்தால் உங்கள் கைக்கு வருவது சுமார் 17,000 ரூபாய்.

பங்கு ஏறினால் உங்களுக்கு நஷ்டம். எவ்வளவு என்பதைச் சொல்வதுதான் டெல்டா. இந்த ஆப்ஷனின் டெல்டா இப்போது 0.52. பங்கு ஒரு ரூபாய் ஏறினால் ஆப்ஷன் 52 பைசா ஏறும், ஒரு லாட்டுக்கு 260 ரூபாய். அப்படியானால் 260 பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டால் போதும். பங்கு ஒரு ரூபாய் ஏறும்போது ஆப்ஷனில் 260 ரூபாய் போகும், பங்கில் 260 ரூபாய் வரும். இறங்கினாலும் அதேபோல் ஈடாகிவிடும். இதுதான் டெல்டா நியூட்ரல் பொசிஷன்.

இப்போது பங்கு 40 ரூபாய் ஏறி 1,040 ஆகிறது. உங்கள் 260 பங்குகளில் லாபம் 10,400 ரூபாய். ஆப்ஷனோ 34.30-லிருந்து 58.50-க்குப் போய்விட்டது. 500 பங்குகளுக்கு அந்த 24.20 ரூபாய் ஏற்றம் 12,100 ரூபாய் நஷ்டம். ஈடாகியிருக்க வேண்டிய இடத்தில் 1,700 ரூபாய் குறைகிறது.

குறைந்தது ஏன்? ஏற ஏற டெல்டாவும் ஏறியதால். பங்கு 1,000-ஐத் தாண்டி மேலே போகப் போக, வாங்கியவர் உங்களிடம் பங்கைக் கேட்கப்போகும் வாய்ப்பு கூடுகிறது. ஆப்ஷன் மெல்ல மெல்லப் பங்கைப் போலவே நடக்கத் தொடங்குகிறது. 1,040-ல் டெல்டா 0.69. டெல்டா இப்படி மாறும் வேகத்துக்குத்தான் காமா என்று பெயர். 260 பங்குகள் என்பது 1,000 ரூபாயில் நின்று போட்ட கணக்கு. 1,040-ல் உங்களுக்குத் தேவை 345 பங்குகள். எனவே இன்னும 85 பங்குகளை 1,040 விலையில் வாங்குகிறீர்கள்.

மறுநாள் பங்கு 1,000-க்கே திரும்பிவிடுகிறது. ஒரு நாளின் காலத்தேய்வை ஒதுக்கிவிட்டால் ஆப்ஷனில் 12,100 ரூபாய் திரும்ப வரும். ஆனால் 345 பங்குகளில் 40 ரூபாய் வீதம் 13,800 ரூபாய் போகும். மறுபடியும் 1,700 நஷ்டம். டெல்டா பழையபடி 0.52 ஆனதால் அந்த 85 பங்குகளை இப்போது விற்றாக வேண்டும், 1,000 ரூபாய்க்கு. பங்கு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது, உங்கள் கையில் 3,400 ரூபாய் இல்லை. 85 பங்குகளை 1,040-க்கு வாங்கி 1,000-க்கு விற்றதன் விலை அது, பைசா சுத்தமாக.

ஆப்ஷனை விற்றவரின் சரிக்கட்டல் எப்போதும் இப்படித்தான் இருக்கும். ஏறிய பிறகு வாங்க வேண்டும், இறங்கிய பிறகு விற்க வேண்டும். அவருக்குக் கிடைக்கும் கூலி காலத்தேய்வு, சந்தைக்காரர்கள் தீட்டா என்பது. நம் கணக்கில் தொடக்கத்தில் அது ஒரு லாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 285 ரூபாய். பங்கு ஒரு நாளில் 16 ரூபாய்க்குள் அசைந்தால் அந்தக் கூலி நிற்கும்; அதற்கு மேல் அசைந்தால் கரையும். மேலே பார்த்த ஒரு ஏற்றமும் ஒரு இறக்கமும் கிட்டத்தட்ட 12 நாள் கூலியைத் தின்றுவிட்டன. ஆப்ஷனை வாங்கி, எதிர்ப்பக்கம் பங்கை வைத்து ஈடுகட்டியவருக்கு எல்லாமே தலைகீழ்: ஒவ்வொரு சரிக்கட்டலிலும் அவர் மலிவில் வாங்கி உயர்வில் விற்கிறார், அதற்காகத் தினமும் தேய்மானம் கட்டுகிறார். ஆகவே இந்தப் பொசிஷனில் நீங்கள் பந்தயம் கட்டுவது பங்கு எந்தத் திசையில் போகும் என்பதன்மேல் அல்ல, எவ்வளவு அசையும் என்பதன்மேல்.

விலை அசையாமல் நின்றாலும் வேலை ஓயாது. பங்கு 1,040-லேயே நின்று நாட்கள் மட்டும் ஓடி, எக்ஸ்பயரிக்கு ஒரு நாள் இருக்கையில் டெல்டா 0.99-ஐத் தாண்டிவிடும். 345 போதுமானதாக இருந்த இடத்தில் 497 பங்குகள் வேண்டும். சந்தையின் பதற்றம் கூடிக் குறைந்தாலும் டெல்டா நகரும்.

எல்லாவற்றிலும் கடினமானது, எக்ஸ்பயரி நெருங்கும்போது பங்கு 1,000-ஐ ஒட்டியே நிற்பது. ஒரு மாதம் இருக்கையில் பங்கு 1,010-க்குப் போனால் சுமார் 22 பங்குகள் கூடுதலாக வாங்கினால் போதும். ஒரே நாள் மிச்சமிருக்கையில் அதே 10 ரூபாய்க்கு ஏறத்தாழ 120 பங்குகள் வாங்க வேண்டும். கீழே 990-க்கு வந்தால் அவற்றையும் விற்று, இன்னும் அவ்வளவே விற்க வேண்டும். இந்தியாவில் தனிப் பங்கு ஆப்ஷன்கள் முடிவில் பங்காகவே கொடுத்துத் தீர்க்கப்படுகின்றன. அதனால் 1,000-க்கு ஒரு ரூபாய் மேலே முடிந்தால் 500 பங்குகள், ஒரு ரூபாய் கீழே முடிந்தால் ஒன்றுமில்லை.

அப்படியானால் நிமிடத்துக்கு நிமிடம் சரிக்கட்டினால் என்ன? 1973-ல் வெளியான பிளாக், ஷோல்ஸ் கட்டுரையின் வாதம் அதையே நம்பி நிற்கிறது: இடைவிடாமல், செலவில்லாமல் சரிக்கட்ட முடிந்தால் ஆபத்து நீங்கும். நிஜத்தில் செலவு உண்டு. அந்த 85 பங்குகளை ஒரு நாள் வாங்கி மறுநாள் விற்றதற்குப் பரிவர்த்தனை வரி மட்டுமே, இருபக்கமும் 0.1 சதவீத வீதம், 170 ரூபாயைத் தாண்டும். தரகு தனி. ஆகவே அனுபவசாலிகள் ஒரு வரம்பு வைத்துக்கொள்கிறார்கள்: தேவையான பங்குக்கும் கையிருப்புக்கும் வித்தியாசம், உதாரணமாக, 40 பங்குகளைத் தாண்டினால் மட்டும் கை வைப்பது. வரம்பைக் குறுக்கினால் செலவு தின்னும், அகட்டினால் அசைவு தின்னும்.

இடைவிடாமல் என்பதும் நடக்காது. மாலையில் சந்தை மூடுகிறது. இரவில் ஒரு செய்தி வந்து பங்கு காலையில் 900-ல் திறந்தால், நடுவே விற்க ஒரு விலையும் இருந்திருக்காது. அமெரிக்காவில் 1987 அக்டோபர் 19 அன்று பகலிலேயே இது நடந்தது. விலை இறங்கினால் விற்று ஈடுகட்டும் 'போர்ட்ஃபோலியோ இன்ஷூரன்ஸ்' முறையைப் பெரிய நிதிகள் பல பின்பற்றிவந்தன. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விற்க வேண்டியிருந்தது, வாங்க ஆளில்லை, அந்த விற்பனையே சரிவை மேலும் தள்ளியது. டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது.

ரிஸ்க் இல்லாத மாத வருமானம் என்று யாராவது இந்தப் பொசிஷனை உங்களிடம் விற்க வந்தால், இந்த 1,040 கணக்கை அவர் முன் வையுங்கள். அந்த 85 பங்குகளை எப்போது வாங்குவார், எப்போது விற்பார், இரவில் விலை தாண்டிக் குதித்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எழுதிக் காட்டாதவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.