பழைய நகையை விற்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க!

ஜூனில் கல்லூரிக் கட்டணம் கட்டணும். பீரோவில் யாரும் போடாத கல் நெக்லஸ் ஒன்று, எடை 8 கிராம். அப்போ ஒரு பவுன் விலை கிடைக்குமா? கிடைக்காது.

முதலில் கல்லின் எடை கழியும். கல் 1 கிராம் என்றால் தங்கம் 7 கிராம். அடுத்து தரம். 22 கேரட் என்றால் 91.6 சதவீதம் தங்கம் இருக்கணும். ஹால்மார்க் இல்லாத பழைய நகையில் அது குறையலாம். கேரட் மீட்டர் 85 சதவீதம் காட்டினால் சுத்தத் தங்கம் 5.95 கிராம்தான். 22 கேரட் கணக்கில் சுமார் 6.5 கிராம். இதை அன்றைய 22 கேரட் கிராம் விலையால் பெருக்குங்க. அதுதான் நீங்கள் பேரம் பேச வேண்டிய தொகை. வாங்கும்போது கொடுத்த செய்கூலி, சேதாரம் திரும்ப வராது.

இதிலும் கடைக்காரர் கொஞ்சம் கழிப்பார். அது கடைக்குக் கடை மாறும். பணமாக வாங்கினால் எவ்வளவு கழிவு என்று மூன்று கடைகளில் கேளுங்க. முடிவு செய்யும் வரை உருக்க விடாதீங்க; உருக்கிவிட்டால் அடுத்த கடைக்கு நகையாகக் கொண்டுபோக முடியாது.

கட்டணத்தின் கடைசி நாளில் போனால், சொன்ன விலைக்குத்தான் கொடுக்கணும். இரண்டு வாரம் முன்பே போங்க. சும்மா கிடக்கும் ஏர் கூலரை மார்ச்சிலேயே விற்றுவிடுங்க. வெயில் தணிந்தால் கேட்க ஆளிருக்காது. மீதி எவ்வளவு குறையுதோ, அதுக்கு மட்டும் நகையைத் தொடுங்க.