ரோடு எப்படி ரோட்டில் ஆனது?

பேருந்தில் கண்டக்டர் “டிக்கெட்டு, டிக்கெட்டு” என்று குரல் கொடுக்கிறார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் கடைசியில் உகரம் இல்லை. பஸ்ஸு, லைட்டு, ரோடு, பெஞ்சு என்று எல்லாவற்றுக்கும் அதே வால்தான். யாரும் சொல்லித்தராமலே எல்லோர் வாயிலும் அது வந்துவிடுகிறது.

காரணம் பழையது. தமிழ்ச் சொல் க், ட், ப் போன்ற வல்லின மெய்யில் முடியாது. சொல்லின் இறுதியில் வரக்கூடிய மெய்கள் எனத் தொல்காப்பியம் கூறும் பதினொன்றில் வல்லினம் ஒன்றுகூட இல்லை. அதனால் அப்படி முடியும் அயல் சொல் வந்தால் நாக்கு ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. இதழைக் குவிக்காமல், அரைகுறையாக ஒலிக்கும் உகரம். பேச்சு இன்னும் ஒரு படி மேலே போகும்: கல் கல்லு ஆவதுபோல பில் பில்லு ஆகிறது, தேர் தேரு ஆவதுபோல கார் காரு ஆகிறது.

லைட்டு என்பதில் ட் இரட்டிக்கிறது, சைடு என்பதில் இரட்டிக்கவில்லை. இது தற்செயல் அல்ல. தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே தனி வல்லினம் மெலிந்து ஒலிக்கும், இரட்டித்தால் அழுத்தமாக ஒலிக்கும். படு, பட்டு என்று சொல்லிப் பார்த்தாலே தெரியும். ஆங்கிலத்தில் அழுத்தமான ஒலியில் முடியும் லைட்டுக்கு இரட்டை ட், மெலிந்த ஒலியில் முடியும் சைடுக்கு ஒற்றை ட்.

மெய்களும் இடம் மாறுகின்றன. தியேட்டர் என்ற ஒரே சொல்லில் இரண்டு மாற்றங்களைப் பார்க்கலாம். ஆங்கிலேயர் அதன் முதல் ஒலியைப் பல்லிடுக்கில் காற்றை உரசவிட்டுச் சொல்வார்கள். நாம் நாக்கைப் பல்லில் ஒட்டித் ‘த’ என்கிறோம். நடுவில் வரும் ஒலிக்கு அவர்கள் நாக்கு ஈற்றின் மேல் படும். நமக்கு நாக்கு இன்னும் மேலே வளைந்து ‘ட’ ஆகிறது. பல்லும் உதடும் உரசும் ஒலி நம்மிடம் இல்லாததால்தான் காப்பிக்குப் பகரம் வந்தது. சொல்லின் தொடக்கத்தில் மெய்கள் நெருக்கியடித்து நின்றால், முன்னால் ஓர் இகரம் முளைத்து ‘இஸ்கூலு’ ஆவதும் உண்டு. படித்தவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் அவர்களும் பிலிம் என்று நடுவில் ஓர் இகரம் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

ஒலியோடு இது நிற்பதில்லை. வீடு ‘வீட்டில்’ ஆவதுபோல, காடு ‘காட்டில்’ ஆவதுபோல, ரோடும் ‘ரோட்டில்’ ஆகிவிட்டது. வேற்றுமை உருபு சேரும்போது ஒற்று இரட்டிக்கும் தமிழ் விதிக்குள் அந்த ஆங்கிலச் சொல் அப்படியே வந்துவிட்டது. எல்லாச் சொல்லுக்கும் இந்த உரிமை கிடைக்கவில்லை. சைடு ‘சைடில்’ என்றே நிற்கிறது. பிளேடு ‘பிளேடால்’ என்றுதான் வரும். ‘பிளேட்டால்’ என்றால், எழுத்தில் பார்ப்பவருக்குச் சாப்பாட்டுத் தட்டுதான் நினைவுக்கு வரும்.