பாட்டியின் 84 படங்கள், எட்டுப் பக்கங்களில்

2006 டிசம்பரில் கோத்தா திங்கி நகருக்குள் வெள்ளம் புகுந்தபோது எனக்குப் பள்ளிக்கூட வயது. மேசையின் மேல் ஏற்றி வைத்த அரிசியும் துணியும் தப்பின. அலமாரியின் கீழ்த் தட்டில் இருந்த ஆல்பங்கள் யாருக்கும் நினைவில் இல்லை. அடுத்த மாதம், 2007 ஜனவரியில், தண்ணீர் மறுபடியும் வந்தது. வீட்டைக் கழுவி முடித்து ஆல்பத்தைத் திறந்தபோது படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் முகங்கள் உரிந்து வந்தன.

அதற்குப் பிறகு பாட்டியிடம் படம் என்று எதுவும் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் கல்யாணப் படம் எடுத்தால் நாலு வீட்டுக்குப் பிரதி கொடுப்பார்கள் அல்லவா? 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட் பக்கம் பெரிய வெள்ளம் வந்தபோதுதான் பெரியத்தைக்குப் பயம் வந்தது. தன்னிடம் இருந்தவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதைப் பார்த்துக் கிள்ளானிலிருந்தும், சிங்கப்பூரிலிருந்தும், குளுவாங்கிலிருந்தும் வரத் தொடங்கியது. மொத்தம் 84 படங்கள். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கும் வேலை, "நீதானே மீடியா படிச்சவ" என்ற ஒரே காரணத்துக்காக என் தலையில் விழுந்தது. நான் படித்தது ஒலி. படம் அல்ல.

ஒரு சனிக்கிழமை மாலையில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆறு வாரம் ஆனது. அதில் ஐந்து வாரம் ஒரே தவறால் போனது.

முதலில் வரிசை. வாட்ஸ்அப் வழியாக வரும் படத்தின் பெயர் `IMG-20230312-WA0007.jpg` என்பது போல இருக்கும். அதில் உள்ள தேதி, படம் அனுப்பப்பட்ட நாள்; எடுக்கப்பட்ட நாள் அல்ல. படத்துக்குள் பதிவாகியிருக்கும் தேதி விவரங்களையும் வாட்ஸ்அப் நீக்கிவிடுகிறது. ஆகவே கணினி வரிசைப்படுத்தினால், 1978 கல்யாணம் 2023 மார்ச்சில் நடந்ததாகத்தான் வந்து நிற்கும். இதற்குக் குறுக்குவழி இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஆண்டை முன்னால் போட்டு `1978_01.jpg`, `1978_02.jpg` என்று கையால் பெயர் மாற்றினேன். ஆண்டு தெரியாதவற்றுக்கு உத்தேச ஆண்டு. உத்தேசம் என்பதைப் படத்தின் கீழ் எழுதும் குறிப்பில் சொல்லிவிடலாம்.

அடுத்து கட்டம். வேர்டில் ஒரு அட்டவணை போட்டால் போதும், தனி மென்பொருள் வேண்டாம். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், உயரம் 29.7. நாலு பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டால் 18 அகலமும் 26.7 உயரமும் மிஞ்சும். மூன்று பத்தி வைத்தால் ஒவ்வொன்றும் 6 சென்டிமீட்டர். நாலு வரிசை, ஒவ்வொன்றும் 6.2 சென்டிமீட்டர் உயரம். அதில் படத்துக்கு 4.2, மீதி குறிப்புக்கு. மேலே ஒரு சிறு தலைப்புக்கும் இடம் இருக்கும். ஒரு பக்கத்துக்கு 12 படம்.

இங்கேதான் என் தவறு. பார்க்க அழகாக இருக்கும் என்று படங்களுக்கு ஒரு வரிசை, குறிப்புகளுக்குக் கீழே தனி வரிசை என்று போட்டேன். 83 படங்களை அடுக்கி, குறிப்புகளை எழுதி முடித்த பிறகு குளுவாங் சித்தப்பா 84-ஆவது படத்தை அனுப்பினார். அது 31-ஆவது இடத்தில் வர வேண்டியது. அதை நுழைத்து, பின்னால் இருந்த படங்களை ஒவ்வொன்றாக ஒரு கட்டம் தள்ளினேன். குறிப்புகளையும் தள்ள வேண்டும் என்பது தெரியும். இரவு ஒரு மணிக்கு ஒரு பக்கத்தை விட்டுவிட்டேன் என்பது தெரியவில்லை.

மறுநாள் குழுவில் போட்டேன். எல்லாரும் கட்டைவிரல் உயர்த்தினார்கள். நாலு நாள் கழித்துப் பெரியத்தை அழைத்தார். காலமாகிவிட்ட பெரிய மாமாவின் படத்துக்குக் கீழே வேறொருவர் பெயர். "பரவால்லம்மா, தெரியாமத்தானே" என்றார். குரலை வைத்துப் பிழைப்பவளுக்கு அந்தக் குரலில் என்ன இருந்தது என்று தெரியாதா?

பெயர் இல்லாத படத்தை யாராவது ஒருநாள் விசாரிப்பார்கள். தவறான பெயர் உள்ள படத்தை யாரும் விசாரிப்பதில்லை, அப்படியே நம்பிவிடுவார்கள்.

எல்லாவற்றையும் கலைத்து மறுபடி கட்டினேன். இந்த முறை படமும் குறிப்பும் ஒரே கட்டத்துக்குள். படத்தை வைத்து, என்டர் தட்டி, அதன் கீழேயே எழுதுவது. கட்டத்தில் உள்ளதை வெட்டி வேறு கட்டத்தில் ஒட்டினால் இரண்டும் சேர்ந்தே போகும். இடம் மாற்றினாலும், நடுவில் நுழைத்தாலும் பெயர் படத்தை விட்டுப் பிரியாது.

நீங்கள் செய்வதாக இருந்தால், வேர்டில் நாலு இடங்களைக் கவனியுங்கள். அட்டவணைக்கு `Fixed Column Width` கொடுங்கள். இல்லாவிட்டால் பெரிய படத்தை வைத்ததும் அந்தப் பத்தி விரிந்து மற்ற இரண்டையும் நசுக்கும். படம் `In Line with Text` என்றே இருக்க வேண்டும். அப்போதுதான் அது கட்டத்துக்குள் உட்காரும், மிதக்காது. படத்தை வைத்ததும் ஒரு கீற்று மட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வரி இடைவெளி `Exactly` என்று இருக்கிறது, அதை `Single` ஆக்கினால் முழுப் படமும் வரும். கடைசியாக வரிசையின் உயரம். அதற்கு மட்டும் `Exactly` 6.2 சென்டிமீட்டர் கொடுத்தேன். அப்போது எந்த வரிசையும் வளர்ந்து அடுத்த பக்கத்துக்குத் தாவாது. ஆனால் குறிப்பு நீண்டுவிட்டால், கடைசி வரியை வேர்ட் சொல்லாமல் கொள்ளாமல் மறைத்துவிடும். 9 புள்ளி எழுத்தில் மூன்று வரிதான் அடங்கும். முடித்ததும் ஒவ்வொரு குறிப்பும் முழுசாக முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நெட்டுப் படங்களை அகலத்துக்கு நிரப்ப வேண்டாம். உயரத்தை 4.2 ஆக வைத்து நடுவில் நிறுத்தினால் போதும், இரு பக்கமும் வெள்ளை இருக்கட்டும். சமமாக்குகிறேன் என்று வெட்டினால், ஓரத்தில் நிற்கும் பிள்ளைதான் முதலில் போகும்.

ஒரு படம் மட்டும் கட்டத்துக்குள் அடங்காது. தோட்டத்து வீட்டின் முன் இரண்டு வரிசையாக முப்பது பேர் நிற்கும் படம். 5.6 சென்டிமீட்டர் அகலத்தில் பதினைந்து பேர் என்றால் ஆளுக்கு 4 மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தப் பக்கத்தில் ஒரு வரிசையை நீக்கி, மற்றொன்றின் மூன்று கட்டங்களையும் ஒன்றாக்கி, உயரத்தை 12.4 ஆக்கினேன். படம் 10 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. ஆளுக்குக் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். கீழே பின்வரிசை, முன்வரிசை என்று இடமிருந்து வலமாகப் பெயர்கள். குழுவில் வந்த பிரதி இதற்குப் போதவில்லை. வாட்ஸ்அப் வழக்கமாகப் படத்தைச் சுமார் 1600 புள்ளி அகலத்துக்குச் சுருக்கிவிடும். பதினைந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நூற்றுச் சொச்சம், அதில் முகத்துக்கு மிஞ்சுவது எவ்வளவு? படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன். அப்படி அனுப்பினால் சுருங்காது. இந்த ஒரு படம் ஆறு கட்டத்தை எடுத்துக்கொண்டதால் ஏழு பக்கத்தில் அடங்க வேண்டியது எட்டானது. மிஞ்சிய ஏழு கட்டங்களைக் காலியாகவே விட்டேன்.

குறிப்பு எழுதத்தான் பாட்டி வேண்டும். அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கைப்பேசித் திரையில் பார்க்க மாட்டார். பக்கத்துக்கு நாலு படம் வீதம், எண் போட்டு, பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோனேன். பக்கத்தில் கைப்பேசியில் ஒலிப்பதிவு ஓடியது. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் "படம் பதினாலு" என்று நான் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் அவரைப் பேசவிட்டேன். வானொலியில் கற்ற பழக்கம் இது. எண் சொல்லாமல் விட்டால், இரண்டு மணி நேரப் பதிவில் "இது நம்ம பெரியவன்ல" என்ற வாக்கியம் எந்தப் படத்துக்கு என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

எழுதும்போது இன்னொரு சிக்கல். பாட்டி சொல்வது "என் தம்பி". அப்பா சொல்வது "மாமா". எனக்கு அவர் தாத்தா. அனுப்பியவர்கள் எழுதிய குறிப்பு எல்லாவற்றிலும் "சித்தப்பா" இருந்தது, யாருடைய சித்தப்பா என்பது இல்லை. கடைசியில் ஒரே விதி வைத்தேன். எல்லாருக்கும் பெயர், பிறகு பாட்டிக்கு என்ன உறவு, பிறகு இடம், ஆண்டு. "பாட்டியின் இரண்டாவது தம்பியும் அவர் மனைவியும், குளுவாங் ரயில் நிலையம், 1974 இருக்கலாம்" என்பது போல, முன்னால் பெயர்களோடு. பெரியத்தைக்கு இது பிடிக்கவில்லை. "எல்லாம் அம்மாவுக்கு உறவுன்னா நாங்க யாரு?" என்று கேட்டார். நியாயம்தான். ஆனால் என் அக்கா மகள் படிக்கும்போது குழம்பமாட்டாள்.

குறிப்புகளை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். கைப்பேசியில் செல்லினம் இருந்தால் அதிலேயே எழுதிக் கணினிக்கு அனுப்பலாம். பழைய எழுத்துருவில் அடித்தால், கோப்பு இன்னொரு கணினிக்குப் போனதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். யூனிகோடில் இருந்தாலும் பிடிஎஃப் ஆன பிறகு கொம்பு வைத்த எழுத்துகளைத் தேடினால் சில நேரம் கிடைக்காது. அதனால் வேர்ட் கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். பெயரைத் தேடவும் திருத்தவும் அதுதான் உதவும்.

கோப்பின் எடையைக் கடைசியில் குறைத்தேன். ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் மட்டும் `Compress Pictures` போய் `330 ppi` தேர்ந்தெடுத்தேன். 5.6 சென்டிமீட்டர் படத்துக்கு அது சுமார் 730 புள்ளி. கைப்பேசியில் விரித்துப் பார்த்தாலும் முகம் தெரியும். `Apply only to this picture` என்பதில் உள்ள குறியை எடுக்க மறந்தால் ஒரே ஒரு படம்தான் சுருங்கும். பிடிஎஃப் ஆக்கும்போது `Minimum size` வேண்டாம், `Standard` போதும். 15 எம்பிக்குக் கீழே வந்தது.

இரண்டாவது முறை குழுவில் போட்டபோது 52-ஆவது படத்தின் கீழ் "பாட்டியின் தோழி, பெயர் பாட்டிக்கு நினைவில்லை" என்று இருந்தது. அன்று இரவே சிங்கப்பூர் அத்தையிடமிருந்து குரல் பதிவு வந்தது. பெயர் மட்டுமல்ல, அந்தப் புடவை யாருடையது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்று வரிக்குள் அடக்கினேன்.