முன்கூட்டி வந்தால் கழிவு, பிந்தினால் வட்டி
பெரிய கம்பெனிக்குச் சரக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் சிறு பட்டறை, தன் பில்லில் என்ன எழுதலாம்? எவ்வளவு எழுதலாம்?

ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றிக் காவிரித் தண்ணீரில் விளையும் கரும்புக்கு ஒரு கெடு உண்டு. 1966ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு வந்து சேர்ந்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் தரவேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. அந்த வட்டி விவசாயியின் கைக்கு வருகிறதா என்பது தனிக்கதை. ஆனால் கெடு என்ன, வட்டி என்ன என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

அதே ஊரில் லேத் பட்டறை நடத்துபவரின் நிலைமை வேறு. மைசூரில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு மாதாமாதம் உதிரி பாகங்கள் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பில் ரூ. 1 லட்சம், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து ரூ. 1,18,000. தவணை 45 நாள். பணம் வந்தாலும் வராவிட்டாலும், வழக்கமாக அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் அந்த வரியை அவர் கணக்குக் காட்டிக் கட்டியாக வேண்டும். இரும்புக்கும் கூலிக்கும் வங்கி ஓவர்டிராஃப்டில் 12 சதவீத வட்டிக்கு ஏற்கெனவே பணம் எடுத்தாகிவிட்டது. ஆக, வாங்குபவரின் தவணைக்கு வட்டி கட்டுவது இவர்தான்.

இதற்கு மருந்தாகப் பலரும் சட்டென்று எழுதிவிடுவது, ‘10 நாளில் பணம் தந்தால் 2 சதவீதம் கழிவு’ என்பது. அங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும். கழிவை வரி நீங்கலான ரூ. 1 லட்சத்தின் மீது மட்டும் தருகிறார் என்றால் ரூ. 2,000 போகிறது. பதிலுக்கு ரூ. 1,16,000 முப்பத்தைந்து நாள் முன்னதாக வருகிறது. ஓவர்டிராஃப்டில் அதனால் மிச்சமாகும் வட்டி சுமார் ரூ. 1,335 மட்டுமே. அறுநூற்றுச் சொச்சம் ரூபாய் நஷ்டம். ஒரு சதவீதம் என்று எழுதியிருந்தால் ரூ. 1,000 கொடுத்து ரூ. 1,346 மிச்சப்படுத்தியிருக்கலாம். வாங்குபவருக்கும் இது கட்டுப்படியாகும். வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டிருக்கும் பணத்தை எடுத்துத் தந்தால் அவர் இழப்பது ரூ. 785, பெறுவது ரூ. 1,000. இரண்டு பேருடைய வட்டி விகிதத்துக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளிதான் கழிவுக்கு இடம் தருகிறது.

ஆனால் 45 நாள் என்பது காகிதத்தில் உள்ள நாள். வாங்குபவர் உண்மையில் 75ஆம் நாள்தான் தருகிறவர் என்றால் கணக்கே மாறிவிடும். இப்போது பணம் முந்துவது 65 நாள். ஒரு சதவீதத்துக்கு அவர் மசியமாட்டார். பணத்தை வைத்துக்கொண்டாலே அவருக்கு ரூ. 1,450க்கு மேல் கிடைக்கும். இரண்டு சதவீதம் என்றால் யோசிப்பார். பட்டறைக்காரருக்கும் ரூ. 2,000 கொடுத்து ஏறத்தாழ ரூ. 2,480 வட்டி மிச்சம். மாறாக, 20 நாளில் ஒழுங்காகப் பணம் அனுப்பும் நல்ல வாடிக்கையாளருக்குக் கழிவு கொடுப்பது தண்டம். பத்து நாள் முந்துவதன் மதிப்பு ரூ. 400கூட இல்லை. எனவே எல்லா பில்லிலும் ஒரே வாசகத்தை அச்சடிக்கும் முன், கடந்த ஓராண்டில் யார் எத்தனையாவது நாளில் தந்தார்கள் என்று லெட்ஜரைப் புரட்டுவது நல்லது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கழிவைக் கழித்துக்கொண்டே 30ஆம் நாள் பணம் அனுப்பும் கணக்குப் பிரிவுகள் உண்டு. பாக்கி ஆயிரத்துக்காக யார் சண்டை போடுவார்கள் என்ற தைரியம். முழுத் தொகைக்கே பில் போட்டு, பணம் பத்தாம் நாளுக்குள் வங்கிக் கணக்கில் ஏறினால் மட்டும் கழிவுக்கு கிரெடிட் நோட் தருவது, அல்லது அடுத்த பில்லில் நேர்செய்வது, இதற்கு நல்ல பூட்டு. பத்து நாள் எந்தத் தேதியிலிருந்து என்பதையும் எழுத வேண்டும். பில் தேதியா, சரக்கு இறங்கிய தேதியா என்ற குழப்பத்திலேயே ஒரு வாரம் போய்விடும். அடிப்படை விலைக்கு மட்டும் கழிவு தந்து ஜிஎஸ்டியைத் தொடாமல் விட்டால், வாங்குபவர் எடுத்த உள்ளீட்டு வரிக் கணக்கைத் திருத்தும் தலைவலி யாருக்கும் இல்லை.

தாமத வட்டி விஷயத்தில் நிலைமை தலைகீழ். எவ்வளவு எழுதலாம் என்று யோசிக்கவே தேவையில்லை. சட்டமே எழுதி வைத்திருக்கிறது. சிறுதொழில்களுக்காக 1993ல் ஒரு தாமத வட்டிச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2006ல் வந்தது குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டியாக. பர்ச்சேஸ் ஆர்டரில் ‘90 நாள், வட்டி கிடையாது’ என்று அச்சடித்திருந்தாலும் சட்டம்தான் செல்லும்.

நம் பட்டறையின் சரக்கு 2024 மார்ச் 1 அன்று ஏற்கப்பட்டது. பணம் வந்தது ஜூலை 15 அன்று. கெடு ஏப்ரல் 15 உடன் முடிந்தது. அப்போது வங்கி விகிதம் 6.75 சதவீதம், மூன்று மடங்கு 20.25. மூன்று மாதத் தாமதத்துக்கு ரூ. 1,18,000 மீது வட்டி சுமார் ரூ. 6,075. இந்த வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு. ஆனால் அது கைக்கு வந்த பிறகு கட்டினால் போதும். வாங்குபவருக்கோ இந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது.

இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே இந்த உரிமை. நடுத்தர நிறுவனத்துக்கு இல்லை, வாங்கி விற்கும் வியாபாரிக்கும் இல்லை. உத்யம் பதிவை ஆர்டர் வாங்கும் முன்பே செய்துவிடுவது பத்திரம். பிறகு செய்த பதிவு பழைய சப்ளைக்குப் பாதுகாப்பு தராது என்று 2021ல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட வேண்டும். சரக்கு பெற்ற தேதியோடு முத்திரை வாங்கிய டெலிவரி சலானைப் பத்திரமாக வைக்க வேண்டும். தரத்தில் குறை என்றால் வாங்குபவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். நாலு மாதம் கழித்து ‘குறை இருந்தது’ என்று வரும் பதிலுக்கு அந்த முத்திரைதான் எதிர்வாதம்.

அப்படியும் பெரும்பாலோர் வட்டி கேட்பதில்லை. அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். இந்த மௌனத்தை ஓரளவு ஈடுகட்டியது 2023 நிதிச் சட்டம் சேர்த்த வருமான வரி விதி. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்த விதியின்படி, கெடு தாண்டி நிற்கும் குறு, சிறு நிறுவனங்களின் பாக்கியை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது; கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். சப்ளையர் வாயே திறக்காவிட்டாலும் வாங்குபவரின் ஆடிட்டர் கேட்பார். பதிவு இல்லாதவரிடம் வாங்கிக்கொண்டால் போயிற்று என்று சிலர் நழுவுவார்கள் என்ற அச்சமும் அப்போதே எழுந்தது.

உறவு முறிந்தே போனால் மாநிலத்தின் வசதியாக்கக் குழுவிடம் போகலாம். 2017ல் சமாதான் இணையதளம் வந்ததிலிருந்து இணையம் வழியாகவே மனு போடலாம். முதலில் சமரசம், பிறகு நடுவர் தீர்ப்பு. குழுவின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் வாங்குபவர், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டவேண்டும். விவரம் தெரிந்தவர்கள் அதுவரை காத்திருப்பதில்லை. மார்ச் மாத ஆரம்பத்திலேயே பாக்கிப் பட்டியலோடு வட்டிக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அசலை 31ஆம் தேதிக்குள் தந்தால் வட்டியைப் பற்றிப் பேசலாம் என்று கடைசி வரியில் ஒரு குறிப்பு.